கரண்ட் போய் வந்ததிலிருந்து லேபில் ஆட்டோகேட் திறக்கவில்லை: -15, 10060

அஸ்தம்பட்டி_லேப் · திங்கள், காலை 9:52

வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் சிவில் கேட் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். 30 சிஸ்டம், 30 பேருக்கான நெட்வொர்க் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் சேர்த்து LABSRV என்று ஒரு விண்டோஸ் சர்வர். ஞாயிறு மதியம் கரண்ட் போய் நான்கு மணி நேரம் வரவில்லை. யுபிஎஸ் தாங்காமல் சர்வரும் அணைந்துவிட்டது. இன்று காலை வந்து போட்டேன், சர்வர் ஒழுங்காக ஏறியது. ஆனால் ஒரு சிஸ்டத்தில்கூட ஆட்டோகேட் திறக்கவில்லை. லோடாகும் படம் வந்து ஒரு நிமிடம் நிற்கிறது, அப்புறம் லைசென்ஸ் கிடைக்கவில்லை என்ற பெட்டி. அதில் -15 என்றும், கீழே System Error: 10060 என்றும் இருக்கிறது.

சர்வரிலேயே LMTOOLS திறந்து Server Status பார்த்தால் எல்லாம் UP. சர்வீஸும் ஓடுகிறது. எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை மாடல் பிராக்டிகல், 30 மாணவர்களும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும்.

குமாரசாமிப்பட்டி · காலை 10:04

ஃபயர்வால்தான். சர்வரில் ஃபயர்வாலை முழுக்க அணைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அப்படியும் வரவில்லை என்றால் சிஸ்டங்களில் சர்வர் பெயருக்குப் பதிலாக ஐபி கொடுங்கள். எங்கள் ஆபீசில் இப்படித்தான் ஓடுகிறது.

ஆத்தூர்_டிராஃப்டிங் · காலை 10:11

எனக்கும் இதே பிரச்சினை சார். என் கடையில் ஒரே ஒரு சிஸ்டம், சொந்த சந்தா. கரண்ட் போய் வந்த பிறகு திறந்தால் மறுபடி சைன்-இன் கேட்கிறது, கொடுத்தால் இணைக்க முடியவில்லை என்கிறது. நெட் நன்றாக இருக்கிறது, மொபைலில் யூடியூப் ஓடுகிறது. நான் எந்த சர்வரைப் பார்ப்பது?

மேட்டூர்_லைசென்ஸ் · காலை 10:30

ஆத்தூர் நண்பருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையது வேறு நோய். உங்களுக்கு லைசென்ஸ் சர்வர் கிடையாது, கம்பெனியின் இணையதளத்தோடு நேராகப் பேசும் சந்தா அது. சிஸ்டத்தின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் CR2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பே நடக்காது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, மறுபடி சைன்-இன் செய்து பாருங்கள்.

இப்போது அஸ்தம்பட்டி. நீங்கள் அந்த இரண்டாவது எண்ணையும் எழுதியது நல்லதாகப் போயிற்று. நிறையப் பேர் -15 மட்டும் சொல்வார்கள். -15 என்றால் சர்வரோடு பேச முடியவில்லை என்று மட்டும்தான் பொருள். ஏன் முடியவில்லை என்பது பக்கத்து எண்ணில் இருக்கிறது. 10061 வந்தால் மெஷின் இருக்கிறது, ஆனால் அந்தக் கதவில் ஆள் இல்லை. பெரும்பாலும் சர்வீஸ் ஓடாமல் இருக்கும், பெட்டியும் சட்டென்று வந்துவிடும். 11001 வந்தால் சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை. 10060 என்றால் தட்டினோம், காத்திருந்தோம், பதிலே இல்லை. நடுவில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள். உங்களுக்கு ஒரு நிமிடம் நின்று வருகிறதே, அது இதனால்தான்.

ஏதாவது ஒரு மாணவர் சிஸ்டத்தில் பவர்ஷெல் திறந்து இதை ஓட்டுங்கள்:

```
Test-NetConnection LABSRV -Port 27000
```

அப்புறம் சர்வரில் LMTOOLS-இன் Config Services பக்கத்தில் லாக் ஃபைல் எங்கே என்று இருக்கும். அதைத் திறந்து "TCP-port" என்று தேடி, வரும் வரிகளை எல்லாம் இங்கே போடுங்கள். பழையவற்றையும் சேர்த்து.

ஃபயர்வாலை அணைக்க வேண்டாம். குமாரசாமிப்பட்டி சொன்ன இடம் சரிதான், வைத்தியம்தான் சரியில்லை.

அஸ்தம்பட்டி_லேப் · காலை 10:58

அண்ணா, 27000-க்கு TcpTestSucceeded : True என்று வருகிறது. அதனால் ஃபயர்வால் இல்லை என்று நினைக்கிறேன். லாக்கில் இரண்டு வரிதான் கிடைத்தது. முதலாவது போன வருடம் ஜூனில் வந்தது, இரண்டாவது இன்று காலை:

```
(lmgrd) adskflex using TCP-port 50213
(lmgrd) adskflex using TCP-port 49731
```

மேட்டூர்_லைசென்ஸ் · காலை 11:15

விஷயம் அந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது. ஃபயர்வால் பக்கத்தில் Inbound Rules திறந்து, கேட் லைசென்ஸுக்காக யாராவது போட்டு வைத்த விதியைத் தேடுங்கள். அதில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 27000-மும் 50213-உம் இருக்கும் என்பது என் ஊகம்.

அஸ்தம்பட்டி_லேப் · காலை 11:21

அண்ணா, அப்படியே இருக்கிறது! "CAD LIC" என்று ஒரு விதி, 27000, 50213. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது.

மேட்டூர்_லைசென்ஸ் · காலை 11:44

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

லைசென்ஸ் சர்வரில் ஓடுவது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். வாசலில் நிற்பவர் lmgrd. அவர் இடம் 27000, என்றும் மாறாது. உள்ளே உட்கார்ந்து லைசென்ஸை எண்ணிக் கொடுப்பவர் adskflex. மாணவர் சிஸ்டம் முதலில் வாசலில் கேட்கும். "உள்ளே இந்த எண் அறைக்குப் போ" என்று lmgrd சொல்லி அனுப்புவார். சிஸ்டம் அங்கே போய்த் தட்டும். லைசென்ஸ் ஃபைலில் உள்ளே இருப்பவருக்கு அறை எண் எழுதி வைக்காவிட்டால், சர்வீஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் கையில் கிடைத்த ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். ஜூனில் கிடைத்தது 50213. அன்று இருந்தவர் அதைப் பார்த்து ஃபயர்வாலில் திறந்துவிட்டார், வேலை நடந்தது. அதற்குப் பிறகு சர்வர் அணையவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இன்று காலை எண் 49731 ஆகிவிட்டது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளறைதான் பூட்டிக்கிடக்கிறது. 27000-க்கு True வந்தும் ஆட்டோகேட் திறக்காததற்கு இதுதான் காரணம். சர்வரில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் UP என்று வந்ததும் இதனால்தான், அங்கே குறுக்கே ஃபயர்வால் இல்லையே.

49731-ஐத் திறந்தால் இப்போதைக்கு ஓடும், அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி இங்கே வருவீர்கள். அறை எண்ணை நிலையாக்குங்கள். லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் மேலே மூன்று வரி இருக்கும். மூன்றாவதில் மட்டும் கடைசித் துண்டைச் சேருங்கள்:

```
SERVER LABSRV <உங்கள் சர்வரின் MAC> 27000
USE_SERVER
VENDOR adskflex port=2080
```

2080 என்பது ஆட்டோடெஸ்க் சர்வர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எண். MAC எண்ணில் கை வைக்காதீர்கள், கீழே இருக்கும் கையொப்பங்கள் எல்லாம் அதை வைத்துப் போட்டவை. பெயரும் போர்ட்டும் மாற்றலாம், பாதகமில்லை. பிறகு ஃபயர்வால் விதியில் 50213-ஐ எடுத்துவிட்டு 2080 போடுங்கள்.

குமாரசாமிப்பட்டிக்கு: பெயருக்குப் பதில் ஐபி கொடுப்பது வாசல்வரைதான் உதவும். lmgrd உள்ளே அனுப்பும்போது SERVER வரியில் இருக்கும் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயரைச் சிஸ்டத்தால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் ஆபீசில் பெயரும் சரியாகக் கிடைப்பதால் ஓடுகிறது.

குமாரசாமிப்பட்டி · மதியம் 12:02

பெயர் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேபுக்குள் மட்டும் இருக்கும் சர்வருக்கு ஃபயர்வால் எதற்கு? அணைத்திருந்தால் காலை முதல் வகுப்பே நடந்திருக்கும்.

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 12:09

லேபில் பென்டிரைவ் போடாத மாணவர் யார்?

அஸ்தம்பட்டி_லேப் · மதியம் 12:40

அண்ணா, ஃபைலில் port=2080 சேர்த்து ReRead License File கொடுத்தேன். வெற்றி என்றுதான் வந்தது. ஆனால் சிஸ்டங்களில் அதே 10060. லாக்கில் இன்னும் 49731.

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 12:47

ReRead போதாது. லைசென்ஸ் எண்ணிக்கை மாறினால் அது படித்துக்கொள்ளும், போர்ட் மாறினால் முடியாது. Stop Server, பத்து வினாடி பொறுத்து Start Server.

அஸ்தம்பட்டி_லேப் · மதியம் 12:55

Stop கொடுத்தால் நிற்க மறுக்கிறது அண்ணா. மூன்று முறை பார்த்துவிட்டேன். சர்வீஸ் கெட்டுவிட்டதா? மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 1:06

கெடவில்லை. யாராவது லைசென்ஸை லேப்டாப்பில் இரவல் எடுத்து வெளியே கொண்டுபோயிருந்தால் சர்வர் சாதாரணமாக நிற்காது. அதே பக்கத்தில் Force Server Shutdown என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டு நிறுத்துங்கள். சர்வருக்கு முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், வேறு சிஸ்டத்திலிருந்து முடியாது. இரவல் போனவற்றின் கணக்கைச் சர்வர் எழுதி வைத்திருக்கும், அழிந்துபோகாது. அந்த லேப்டாப்களும் தொந்தரவில்லாமல் ஓடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் லேபில் இரவல் எடுத்தது யார்?

அஸ்தம்பட்டி_லேப் · மதியம் 1:38

Force போட்டதும் நின்றது. Start கொடுத்தேன், லாக்கில் 2080 வந்துவிட்டது. முதல் சிஸ்டம் திறந்தபோது மாணவர்கள் கை தட்டினார்கள். வரிசையாக எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். 24 திறந்தன. 25-ஆவதிலிருந்து வேறு பெட்டி. இப்போது -4, எல்லா லைசென்ஸும் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. 30 வாங்கியிருக்கிறோமே!

போன வாரம் வரை 20 பேர் கொண்ட பேட்ச்தான் வந்தது. அதனால் இது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். இரவல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 1:50

சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து லைசென்ஸ் மேனேஜர் ஃபோல்டருக்குப் போய்:

```
lmutil lmstat -a -c 27000@LABSRV
```

யார் யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் கடைசியில் linger என்ற சொல்லோடு வரும் வரிகளை மட்டும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி_லேப் · மதியம் 2:15

ஆறு வரி அண்ணா. LAP01 முதல் LAP06 வரை. ஒன்றை ஒட்டுகிறேன்:

```
survey LAP03 LAP03 (v1.000) (LABSRV/27000 412), start Fri 2/7 16:20 (linger: 2592000)
```

இவை எங்கள் துறையின் லேப்டாப்கள். பிப்ரவரி 7 சாயங்காலம். மறுநாள் சர்வே கேம்புக்காக மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏற்காடு போனார்கள்.

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 2:22

அந்த எண் வினாடிக் கணக்கு. 86,400-ஆல் வகுத்தால் 30 நாள். பிப்ரவரி 7-லிருந்து 30 நாள் என்றால் மார்ச் 9. கேம்ப் எத்தனை நாள்?

ஏற்காடு_கேம்ப் · மாலை 4:05

அந்த கேம்பை நடத்தியது நான்தான். எங்கள் லேப் தம்பி லிங்க் அனுப்பினார். கேம்ப் 10 நாள். இரவல் எடுக்கும்போது திரும்பக் கொடுக்கும் நாளைக் காலண்டரில் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கூடக்குறைய ஆனால் இருக்கட்டும் என்று ஒரு மாதம் வைத்தேன். கேம்ப் முடிந்து லேப்டாப் கீழே வந்தால் தானாகத் திரும்பிவிடும் என்று நம்பினேன். அது என் தவறு.

ஆனால் ஏன் எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கியது ஊரை விட்டுத் தள்ளி ஒரு காபி எஸ்டேட் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்விட்டால் அங்கே சிக்னல் ஒரு மரத்தடியில் மட்டும்தான். பகலில் டோட்டல் ஸ்டேஷனில் எடுத்த புள்ளிகளை அன்று ராத்திரியே கான்டூராகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குழுவின் படத்தில் சரிவில் திடீரென்று ஒரு குழி விழுந்திருந்தது. நிஜத்தில் அங்கே குழியே இல்லை, பிரிஸம் கம்பியின் உயரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை பனி விலகியதும் அதே இடத்துக்குப் போய்த் திரும்ப எடுத்தார்கள். சேலம் வந்த பிறகு கண்டுபிடித்திருந்தால் அந்தக் குழுவுக்கு கேம்ப் வீண். இரவல் இல்லாமல் இது முடியாது.

மேட்டூர்_லைசென்ஸ் · மாலை 4:31

மேடம், நீங்கள் எடுத்ததில் தப்பே இல்லை, அதற்காகத்தான் அந்த வசதி இருக்கிறது. நாள் மட்டும்தான் நீண்டுவிட்டது. லேப்டாப் திரும்பி வந்ததைச் சர்வர் அறியாது. ஒன்று நாள் முடிய வேண்டும், இல்லையென்றால் லேப்டாப்பிலிருந்து நாமே ஒப்படைக்க வேண்டும். ஆறு லேப்டாப்பையும் லேப் நெட்வொர்க்கில் செருகி, ஆட்டோகேட் திறந்து, லைசென்ஸ் விவரப் பக்கத்தில் Return License Early கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அஸ்தம்பட்டி_லேப் · செவ்வாய், காலை 10:20

நான்கு லேப்டாப் பீரோவில் இருந்தன. நான்கையும் ஒப்படைத்துவிட்டேன், lmstat-இல் உடனே மறைந்தன. இப்போது 28 சிஸ்டம் திறக்கிறது.

LAP02, LAP05 இரண்டையும் போன வாரம் வேறொரு வேலைக்காக ஃபார்மட் செய்துவிட்டார்கள். அவற்றில் இப்போது ஆட்டோகேடே இல்லை. ஆனால் சர்வரில் அந்த இரண்டு வரியும் அப்படியே நிற்கின்றன. lmremove கொடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

குமாரசாமிப்பட்டி · காலை 10:34

இதற்கு வழி இருக்கிறது. சர்வர் தேதியை மார்ச் 10-க்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரவல் நாள் முடிந்தது என்று அதுவே விடுவித்துவிடும். பிறகு தேதியைப் பழையபடி வையுங்கள்.

மேட்டூர்_லைசென்ஸ் · காலை 10:41

செய்யவே செய்யாதீர்கள் தம்பி. முன்னால் தள்ளுவதில் இல்லை ஆபத்து, திரும்பப் பின்னால் இழுப்பதில்தான் இருக்கிறது. கடிகாரத்தைப் பின்னால் திருப்பியது தெரிந்தால் லைசென்ஸ் கொடுக்க மறுத்துவிடும், -88 என்று வரும். இரண்டு லைசென்ஸுக்காக இருக்கும் 28-ஐயும் வியாழக்கிழமைக்கு முன்னால் இழக்க வேண்டாம்.

ஃபார்மட் ஆன லேப்டாப்பின் இரவலை லேபிலிருந்து திரும்ப வாங்க வழியில்லை. ஒப்படைக்க வேண்டிய சீட்டு அந்த டிஸ்கில் இருந்தது, டிஸ்கோடு அழிந்தது. மார்ச் 9 வரை சர்வர் அதைக் கணக்கில் வைத்திருக்கும். லைசென்ஸ் கொடுத்தவர்களின் சப்போர்ட்டுக்கு lmstat வரிகளோடு எழுதிப் போடுங்கள். வியாழனுக்குள் பதில் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். இரண்டு மாணவர்களை அடுத்த பேட்சில் வைத்துவிடுங்கள்.

ஆத்தூர்_டிராஃப்டிங் · காலை 11:02

தேதி 2015 என்று காட்டியது சார். பேட்டரி மாற்றினேன், சைன்-இன் ஆகிவிட்டது. நன்றி.

அந்த இரண்டு லேப்டாப்பிலும் அதே பெயர் வைத்து, survey என்ற அதே யூசரில் ஆட்டோகேட் போட்டால் சர்வர் பழைய ஆள் என்று நினைத்துக் கொடுக்காதா?

மேட்டூர்_லைசென்ஸ் · காலை 11:10

நான் செய்து பார்த்ததில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி_லேப் · காலை 11:25

அடுத்த கேம்புக்கு முன்னால் இதைக் கட்டுப்படுத்த முடியுமா அண்ணா? இரவலையே நிறுத்திவிடலாம் என்று எங்கள் துறைத் தலைவர் சொல்கிறார்.

மேட்டூர்_லைசென்ஸ் · மதியம் 12:15

நிறுத்தலாம், EXCLUDE_BORROW என்று ஒரு வரி போதும். ஆனால் மேடம் சொன்ன அந்தக் குழிக் கதையைப் படித்த பிறகு நான் அதைச் சொல்ல மாட்டேன். அளவோடு விடுங்கள். லைசென்ஸ் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் adskflex.opt என்று ஒரு ஃபைல் உண்டாக்கி:

```
MAX_BORROW_HOURS <feature> 288
BORROW_LOWWATER <feature> 24
```

<feature> இடத்தில், lmstat-இல் "Users of" என்பதற்குப் பக்கத்தில் வரும் பெயரை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். முதல் வரி, ஒருவர் 288 மணி நேரத்துக்கு மேல், அதாவது 12 நாளுக்கு மேல் எடுக்க விடாது. இரண்டாவது, 24 லைசென்ஸ் எப்போதும் லேபிலேயே இருக்கும், மீதி ஆறுதான் வெளியே போகலாம். இதற்கு ReRead போதும், நிறுத்த வேண்டியதில்லை. லேப்டாப்பை ஃபார்மட் செய்யப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உங்களைக் கேட்கட்டும்.

ஏற்காடு_கேம்ப் · மாலை 5:40

மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் இலவசக் கல்விக் கணக்கு எடுத்துக்கொண்டால் இந்த ஆறு லைசென்ஸையே தொட வேண்டாமே? மலை ஏறுவதற்கு முன்னால் சேலத்தில் ஒருமுறை சைன்-இன் செய்துவிட்டால் போதுமா?

மேட்டூர்_லைசென்ஸ் · மாலை 6:12

அந்தக் கணக்கு 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேச வேண்டும், 10 நாள் கேம்புக்குத் தாராளம். ஆனால் துறை லேப்டாப்பில் யார் பெயரில் சைன்-இன் செய்வது, அந்த மாணவர் படிப்பை முடித்துப் போனால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அஸ்தம்பட்டி_லேப் · வியாழன், மாலை 4:50

28 பேர் காலையில், இரண்டு பேர் மதியம். மாடல் முடிந்தது. சப்போர்ட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. LAP02, LAP05 இன்னும் lmstat-இல் நிற்கின்றன. மார்ச் 10 காலை பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.